பத்து ஆடு வளர்த்தால் மாதம் என்ன மிஞ்சும்?



உதவி கேட்டு வரும் குடும்பங்களில் பலர் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. "பத்து ஆடு வாங்கித் தாருங்கள். ஆட்டுக்கு இரண்டு குட்டி, வருஷத்துக்கு இரண்டு ஈத்து, ஆக நாற்பது குட்டி. குட்டி ஐயாயிரம் என்றாலும் இரண்டு லட்சம். மாதம் பதினாறாயிரத்துக்கு மேல் வந்துவிடும். தவணையை மாதாமாதம் கட்டிவிடுகிறோம்."

அவர்கள் பொய் சொல்லவில்லை. இரண்டு குட்டி போடும் ஆடும், ஐயாயிரத்துக்கு விற்கும் குட்டியும் அவர்கள் கண்ணால் பார்த்தவைதான். ஆனால் அந்த நாற்பது குட்டியும் சந்தைக்குப் போய்ச் சேருவதில்லை. எங்கே குறைகிறது, ஏன் குறைகிறது, கடைசியில் கையில் என்ன நிற்கிறது என்பதை இந்தப் பாடத்தில் படிப்படியாகப் பார்ப்போம். நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு, உங்கள் ஊர் விலையைப் பக்கத்தில் எழுதிக்கொண்டே படித்தால் பலன் அதிகம்.

எடுத்துக்காட்டாக, கோவில்பட்டி, கயத்தாறு பக்கம் மானாவாரிக் காடும் தரிசும் உள்ள ஒரு கிராமத்தில் கன்னி ஆடு வளர்க்கும் குடும்பத்தை நினைத்துக்கொள்வோம். ஒன்பது பெட்டை, ஒரு கிடா, மொத்தம் பத்து. பகலில் ஆறு மணி நேரம் வீட்டு ஆளே மேய்க்கிறார். இரவில் கொட்டகையில் அடைக்கிறார்கள். கீழே வரும் விலைகள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் சந்தை விலை வேறாக இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். கணக்குப் போடும் முறை மாறாது.

நாற்பது குட்டி பன்னிரண்டு ஆவது எப்படி?

முதலில், பத்து ஆட்டில் ஒன்று கிடா. அது குட்டி போடாது. ஆக ஈனுவது ஒன்பதுதான்.

அடுத்து, வருஷத்துக்கு இரண்டு ஈத்து வராது. ஆட்டின் சினைக்காலம் 150 நாள், அதாவது ஐந்து மாதம். ஈன்ற ஆடு குட்டிக்குப் பால் கொடுத்து, உடம்பு தேறி, மறுபடி பருவத்துக்கு வந்து சினை பிடிக்க நன்றாகப் பராமரித்தாலும் மூன்று மாதம் ஆகும். ஆக எட்டு மாதத்துக்கு ஓர் ஈத்து, இரண்டு வருஷத்துக்கு மூன்று. ஒன்பது பெட்டைக்கு வருஷத்துக்குப் பதின்மூன்றரை ஈத்து வருகிறது. அதிலும் ஒன்றிரண்டு சினை பிடிக்காமல் தள்ளிப்போகும், ஒன்று சினை வீசிவிடும். எனவே 12 ஈத்து என்று எழுதுவதே நியாயம்.

ஓர் ஈத்துக்கு எல்லா ஆடும் இரட்டைக் குட்டி போடாது. முதல் ஈத்தில் பெரும்பாலும் ஒற்றைதான். பாதி ஒற்றை, பாதி இரட்டை என்று வைத்தால் சராசரி ஒன்றரை. 12 ஈத்துக்கு 18 குட்டி பிறக்கும்.

பிறந்த 18-இல் விற்கும் வயது வருவதற்குள் 4 போய்விடும் என்று எழுதுங்கள். கவனமாக வளர்ப்பவருக்கு இதைவிடக் குறையலாம். முதல் முறை வளர்ப்பவருக்குக் கூடவும் செய்யலாம். மீதி 14.

அந்தப் பதினாலில் நல்ல பெட்டைக் குட்டி இரண்டை விற்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வருஷமும் வயதான ஆடு ஒன்றைக் கழித்து விற்போம். பெரிய ஆடு ஒன்று நோயிலோ விபத்திலோ போகவும் கூடும். அந்த இரண்டு இடத்தையும் நிரப்பினால்தான் அடுத்த வருஷமும் பத்து ஆடு இருக்கும். எல்லாக் குட்டியையும் விற்றுத் தின்றுவிட்டு "லாபம்" என்று சொன்னால், அது முதலைத் தின்ற கணக்கு.

ஆக, சந்தைக்குப் போவது 12 குட்டி.

வருஷ வரவு

மேய்ச்சலோடு கொஞ்சம் தீவனமும் கிடைக்கும் குட்டி எட்டு மாதத்தில் 14 கிலோ உயிர் எடை வரும் என்று வைப்போம். வியாபாரி உயிர் எடைக்குக் கிலோ 350 ரூபாய் கொடுத்தால் ஒரு குட்டி 4,900 ரூபாய்.

- 12 குட்டி × 4,900 = 58,800
- கழித்து விற்கும் ஒரு கிழட்டு ஆடு = 7,000
- புழுக்கை எரு, வருஷத்துக்கு ஒரு டிராக்டர் லோடு = 3,000
- மொத்த வரவு = 68,800 ரூபாய்

வியாபாரி வீட்டு வாசலில் கண்மதிப்பாக விலை பேசும்போது இரண்டு கிலோ குறைத்துச் சொன்னால் ஒரு குட்டிக்கு 700 ரூபாய் போய்விடும். 12 குட்டிக்கு 8,400. ஒரு தொங்கு தராசு வாங்கி வீட்டிலேயே எடை போட்டுப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தையிலோ மேலப்பாளையம் செவ்வாய்க்கிழமைச் சந்தையிலோ அன்றைய விலையை ஒரு முறை போய்ப் பார்த்து வருவதும் நல்லது.

வருஷச் செலவு

*தீவனம்.* "மேய்ச்சல்தானே, தீவனம் எதற்கு?" என்று கேட்பார்கள். எல்லா நாளும் எல்லா ஆட்டுக்கும் தேவையில்லைதான். ஆனால் மூன்று இடத்தில் கை வைக்கக் கூடாது. ஒன்று, சினை ஆட்டுக்குக் கடைசி ஒரு மாதமும் ஈன்ற பிறகு இரண்டு மாதமும் நாளுக்குக் கால் கிலோ. 12 ஈத்துக்கு இது 270 கிலோ. இரண்டு, கிடாவுக்கு நாளுக்கு 200 கிராம், வருஷத்துக்குச் சுமார் 70 கிலோ. மூன்று, குட்டிகளுக்கு நாளுக்கு 100 கிராம் வீதம் நூறு நாள், சுமார் 160 கிலோ. மொத்தம் 500 கிலோ.

இதை வீட்டிலேயே கலக்கலாம். நூறு கிலோவுக்கு உடைத்த மக்காச்சோளம் 40, கடலைப் புண்ணாக்கு 20, தவிடு 37, தாது உப்புக் கலவை 2, சாதா உப்பு 1 கிலோ. கிலோ ஏறத்தாழ 30 ரூபாய் அடங்கும். 500 கிலோவுக்கு 15,000 ரூபாய்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஆட்டை வெளியே விட முடியாத நாட்களும், கோடையில் காடு காய்ந்துபோகும் நாட்களும் சேர்ந்து வருஷத்துக்கு 60 நாள் இருக்கும். பத்து ஆட்டுக்கும் நாளுக்கு ஒரு கிலோ வீதம் கடலைக்கொடி, உளுந்துப்பொட்டு என 600 கிலோ வேண்டும். அறுவடைக் காலத்தில் வாங்கிப் போட்டால் கிலோ 8 ரூபாய், ஆக 4,800. மழை பிடித்த பிறகு தேடினால் இந்த விலைக்குக் கிடைக்காது.

*கொட்டகை.* பெரிய ஆட்டுக்குப் பத்து சதுர அடி, குட்டிக்கு நான்கு சதுர அடி போதும். 12-க்கு 15 அடியில் ஒரு கொட்டகை, உயரமான மண் தரை, மேலே பழைய தகரம் அல்லது ஓலை, சுற்றிக் கம்பி வலை. இதற்கு 30,000 ரூபாய். பத்து வருஷம் உழைக்கும் என்றால் வருஷத்துக்கு 3,000, பழுது பார்க்க 1,500, ஆக 4,500. வீடியோவில் பார்த்த மாதிரி ஒன்றரை லட்சத்தில் பரண் கொட்டகை போட்டால் வருஷத்துக்கு 15,000 அதிலேயே கரையும். பத்து ஆட்டின் வருமானம் அதைத் தாங்காது.

*தடுப்பூசி, மருந்து.* ஆட்டுக்கொல்லி நோய்க்கு நான்கு மாதக் குட்டிக்கு ஒரு முறை போட்டால் மூன்று வருஷம் தாங்கும். துள்ளுமாரிக்கு ஒவ்வொரு வருஷமும் மழைக்கு முன் போட வேண்டும். குடற்புழு மருந்து வருஷத்துக்கு நான்கு முறை, அதில் மழைக்கு முன்பும் பின்பும் கொடுப்பதைத் தவற விடக் கூடாது. சினை பிடித்த முதல் மாதத்தில் அல்பெண்டசோல் கொடுக்காதீர்கள், வயிற்றுக் குட்டிக்கு ஊனம் வரலாம். அரசு கால்நடை மருந்தகத்தில் பல தடுப்பூசிகள் இலவசமாகவே போடப்படுகின்றன. அப்படியிருந்தும் புழு மருந்து, உண்ணி மருந்து, வாங்க வேண்டிய ஊசிகள் என 2,000 ரூபாயும், நோய் வந்தால் வைத்தியத்துக்கு 3,000 ரூபாயும் ஒதுக்கி வையுங்கள்.

*கிடா மாற்றம்.* கிடாவின் சொந்தக் குட்டிகள் பருவத்துக்கு வருவதற்குள் அதை விற்று வேறு கிடா வாங்க வேண்டும். தகப்பனோடு சேர்ந்தால் குட்டிகள் சிறுத்து, சீக்குப்பட்டுப் பிறக்கும். விற்பதற்கும் வாங்குவதற்கும் உள்ள வித்தியாசம் வருஷத்துக்கு 1,000.

*சில்லறைச் செலவு.* கயிறு, வாளி, சுண்ணாம்பு, சந்தைக்கு வண்டி வாடகை, சந்தைச் சுங்கம் எல்லாம் சேர்ந்து 2,500.

கூட்டுவோம்:

- அடர்தீவனம் = 15,000
- உலர்தீவனம் = 4,800
- கொட்டகை = 4,500
- தடுப்பூசி, மருந்து, வைத்தியம் = 5,000
- கிடா மாற்றம் = 1,000
- சில்லறை = 2,500
- மொத்தச் செலவு = 32,800 ரூபாய்

வரவு 68,800-இல் செலவு 32,800 போக மிச்சம் 36,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 3,000 ரூபாய்.

இதில் மேய்த்தவர் கூலியைச் சேர்க்கவில்லை. நாளுக்கு நூறு ரூபாய் என்பதுதான் அவருடைய ஆறு மணி நேர மேய்ச்சலுக்கும், காலை மாலை வேலைக்கும் கிடைக்கும் கூலி. ஆள் வைத்து மேய்த்தால் பத்து ஆட்டில் நஷ்டம்தான். வீட்டில் இருக்கும் பெரியவரோ, வெளி வேலைக்குப் போக முடியாத ஒருவரோ பார்த்துக்கொண்டால் இது நல்ல துணை வருமானம். குடும்பம் முழுக்க இதை மட்டுமே நம்பினால் அடுப்பு எரியாது.

ஒரு குட்டி என்பது மாதம் நானூறு ரூபாய்

இந்தக் கணக்கில் விலையோ தீவனமோ கொஞ்சம் மாறினால் மிச்சமும் கொஞ்சமே மாறும். அதைத் தலைகீழாக்குவது குட்டி இழப்புதான். ஒரு குட்டி 4,900 ரூபாய். அதைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பங்கிட்டால் மாதம் 400 ரூபாய். நான்குக்குப் பதில் எட்டுக் குட்டி செத்தால், மிச்சமாகும் தீவனத்தைக் கழித்துக்கொண்டாலும் மாத வருமானம் 3,000-இலிருந்து 1,500-க்கும் கீழே இறங்கிவிடும். இரண்டே செத்தால் 3,800 ஆகும். தாய் ஆடும் கொட்டகையும் மேய்ப்பவரும் அதேதான். வித்தியாசம் குட்டியைப் பார்த்துக்கொள்வதில் மட்டுமே.

குட்டி சாவது பெரும்பாலும் மூன்று கட்டத்தில்.

முதல் கட்டம் பிறந்த முதல் வாரம். குட்டி பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வேண்டும். நோயைத் தாங்கும் சக்தி தாயிடமிருந்து சீம்பால் வழியாகத்தான் வருகிறது. நேரம் போகப் போக குட்டியின் குடல் அதை ஏற்காது. இரண்டு கிலோ குட்டிக்கு முதல் நாளில் 200 மில்லி, பல தடவையாக உள்ளே போக வேண்டும். இரட்டையில் சின்னக் குட்டியைப் பெரியது தள்ளிவிடும். அதைக் கையில் பிடித்து ஊட்ட வைக்க வேண்டும். குடித்த குட்டி வயிறு நிறைந்து சுருண்டு தூங்கும். குடிக்காதது முதுகைக் கூனிக்கொண்டு நிற்கும், வாய்க்குள் விரல் விட்டால் குளிர்ந்திருக்கும். தொப்புள் கொடியில் அயோடின் தடவ மறக்காதீர்கள். மழை நாளில் சாக்கு விரித்து, குளிர் காற்றை மறைத்து, ஈரம் படாமல் வைத்தால் சளிக்காய்ச்சலில் போகும் குட்டி தப்பும்.

இரண்டாம் கட்டம் மூன்றாவது வாரத்திலிருந்து இரண்டு மாதம் வரை. ஈரத் தரையில் நெருக்கி அடைத்தால் ரத்தக் கழிச்சல் வரும். வால் அடியில் அசிங்கம் ஒட்டியிருக்கும், கழிச்சலில் ரத்தமோ சளியோ தெரியும், குட்டி இளைக்கும். இது சாதாரணப் புழு மருந்துக்குக் கேட்காது. வேறு மருந்து வேண்டும் என்பதால் மருத்துவரிடம் காட்டுங்கள். தரையைக் காய வைத்து, தீவனத் தட்டில் குட்டி ஏறி மிதிக்காமல் உயர்த்திக் கட்டினால் பாதி நோய் வராது.

மூன்றாம் கட்டம் மழைக்குப் பிறகு. புதுப்புல் முளைத்ததும் ஆடுகள் ஆவலாக மேயும். நன்றாகத் தின்று கொழுத்த குட்டி ஒன்று முந்தின நாள் துள்ளி விளையாடிவிட்டுக் காலையில் செத்துக் கிடந்தால் துள்ளுமாரியைச் சந்தேகிக்க வேண்டும். அப்போது வைத்தியத்துக்கு நேரமே இருக்காது. முன்கூட்டியே போடும் ஊசிதான் காப்பு. அதே நேரத்தில் வயிற்றுப் புழுவும் பெருகும். கீழ் இமையைத் திறந்து பாருங்கள். சிவப்பாக இல்லாமல் வெளுத்திருந்தால் புழு ரத்தத்தைக் குடிக்கிறது. தாடைக்குக் கீழே வீக்கம் தெரிந்தால் முற்றிவிட்டது என்று பொருள்.

இன்னொன்று. சந்தையில் புதிதாக வாங்கிய ஆட்டை அன்றே மந்தையில் விடாதீர்கள். மூன்று வாரம் தனியாகக் கட்டிப் பாருங்கள். மூக்கு ஒழுகல், வாய்ப்புண், கழிச்சல் மூன்றும் சேர்ந்து வந்தால் ஆட்டுக்கொல்லி நோயாக இருக்கலாம். அது மந்தைக்குள் நுழைந்தால் இந்தக் கணக்கு எதுவும் நிற்காது.

ஹஜ்ஜுப் பெருநாள் விற்பனை

பெருநாள் நெருங்கும்போது கிடா விலை ஏறும். ஆனால் குர்பானிக்கு வயது நிபந்தனை இருக்கிறது. வெள்ளாட்டுக்கு ஹனஃபி மத்ஹபில் ஒரு வருஷம் நிறைய வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டு வருஷம். எனவே எட்டு மாதக் குட்டியைப் பெருநாள் விலைக்கு விற்கலாம் என்று எண்ண வேண்டாம். வாங்குபவர் வயது கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும்.

ஒரு வருஷக் கிடா வேண்டுமென்றால் அது இந்த வருஷப் பெருநாளுக்கு முன்பே பிறந்திருக்க வேண்டும். சினைக்காலம் ஐந்து மாதம். ஆகவே ரஜப் பிறப்பதற்கு முன் சேர்ந்த ஆடு துல்ஹஜ் தொடக்கத்துக்குள் ஈனும். அந்தக் குட்டி அடுத்த துல்ஹஜ்ஜில் வயது நிறைந்து நிற்கும். பிறை மாதத்தை வைத்து எண்ணினால், பெருநாள் ஒவ்வொரு ஆண்டும் பத்துப் பதினோரு நாள் முன்னே வருவது உங்களைக் குழப்பாது.

அப்படி ஒரு கிடா 22 கிலோ வந்து, கிலோ 450-க்கு விற்றால் 9,900 ரூபாய். எட்டாம் மாதம் விற்பதைவிட 5,000 கூடுதல். கூடுதல் தீவனத்துக்கு 1,200 போனால் 3,800 நிற்கும். மூன்று கிடாவுக்கு 11,400, அதாவது மாதம் 950 ரூபாய் சேரும். காது கிழியாமல், கொம்பு உடையாமல், நொண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அடையாளத்துக்காகக் காதை வெட்டாதீர்கள், சாயம் பூசுங்கள். பெட்டைக் குட்டிகளோடு சேர விடாமல் தனியாக அடையுங்கள். எல்லாக் கிடாவையும் இதற்கென்று நிறுத்தவும் வேண்டாம். ஒன்று செத்தால் போவது பத்தாயிரம்.

வரவு மாதாமாதம் வராது

மாதம் 3,000 என்பது வகுத்துச் சொன்ன கணக்கு. பணம் அப்படி வராது. மூன்று மாதச் சினை ஆடாக வாங்கினாலும் ஈன இரண்டு மாதம், குட்டி வளர எட்டு மாதம். முதல் வரவு பத்தாம் மாதம்தான். அதுவரை மாதம் 2,500 ரூபாய் கையிலிருந்து போகும்.

ஒன்பது சினை ஆடு 72,000, கிடா 10,000, கொட்டகை 30,000, பத்து மாதக் கைச்செலவு 25,000. ஆக 1,37,000 ரூபாய் வேண்டும். இதை முழுவதும் கடனாக வாங்கினால், வட்டி இல்லாவிட்டாலும், வரும் மிச்சம் முழுவதையும் கட்டினாலே ஏறத்தாழ நான்கு வருஷம் ஆகும். பாதியை வீட்டுக்கு எடுத்தால் ஏழரை வருஷத்துக்கு மேல். முதல் மாதத்திலிருந்தே தவணை என்று ஒப்புக்கொண்ட குடும்பம் ஐந்தாம் மாதத்தில் ஒரு தாய் ஆட்டை விற்கும், ஏழாம் மாதத்தில் இன்னொன்றை. ஒரு தாய் ஆடு போனால் வருஷத்துக்கு 6,500 ரூபாய்க் குட்டி வரவும் அதோடு போகிறது. கடைசியில் கடன் நிற்கும், ஆடு நிற்காது.

எனவே கடன் கேட்பவர்கள் இரண்டு விஷயத்தை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பத்து மாதம் தவணை வேண்டாம். அதன் பிறகும் மாதத் தவணை வேண்டாம், குட்டி விற்கும்போது விற்ற தொகையில் ஒரு பங்கு என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இதுவரை ஆடு வளர்த்துப் பழக்கமில்லாதவர்கள் நான்கு சினை ஆட்டோடு தொடங்குங்கள். கிடாவுக்குப் பக்கத்து வீட்டாரிடம் கேட்டுக்கொள்ளலாம். கொட்டகை வீட்டுச் சுவரை ஒட்டிய சாய்ப்பே போதும். பிறக்கும் பெட்டைக் குட்டிகளை விற்காமல் நிறுத்தினால் இரண்டு மூன்று வருஷத்தில் பத்து ஆகிவிடும், இன்ஷா அல்லாஹ். அதற்குள் முதல் மழைக்காலத்தில் எத்தனை குட்டி தப்பியது என்பதும் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

இன்றே ஒரு நோட்டில் ஐந்து கட்டம் போடுங்கள்: பிறந்தது, செத்தது, விற்றது, வரவு, செலவு. செத்தது என்ற கட்டத்தில் தேதியையும் குட்டியின் வயதையும் சேர்த்து எழுதுங்கள். முதல் வாரத்திலா, கழிச்சலிலா, மழைக்குப் பிறகா என்று பார்த்தால், அடுத்த ஈத்தில் எங்கே கவனிக்க வேண்டும் என்பதை அந்த நோட்டே சொல்லிவிடும்.